சார்ஜில் போட்டபடி கேம், வீடியோ: சதவீதம் ஏறாமல் சூடு மட்டும் ஏறுவது ஏன்?

அண்ணா, 18 வாட் சார்ஜர்ல போட்டு ஒரு மணி நேரம் கேம் ஆடினேன். 32ல இருந்து 41தான் வந்திருக்கு. சார்ஜர் போயிடுச்சா?

பெரும்பாலும் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் நம் கடைக்கு இதே புகாருடன் வந்த ஒரு தம்பியின் போனை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

5000 எம்ஏஎச் பேட்டரி. சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று வைத்தால் அதில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட் மணி. அதாவது 1 சதவீதம் என்பது 0.19 வாட் மணி. 18 வாட் சார்ஜரில் இருந்து வருவதில் கேபிளிலும் போனுக்குள் இருக்கும் சார்ஜிங் ஐசியிலும் போவது போக, 15 வாட் பயனுக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். திரையை அணைத்து வைத்தால் அந்த 15 வாட்டும் பேட்டரிக்கே போகும்.

கேம் ஓடும்போது அப்படி இல்லை. சார்ஜர் கொடுப்பதில் போன் ஓடத் தேவையானது முதலில் பிரிந்துவிடும், மிச்சம்தான் பேட்டரிக்கு. கிராபிக்ஸ் அதிகமுள்ள கேம், நல்ல வெளிச்சத்தில் திரை, மொபைல் டேட்டா எல்லாம் சேர்ந்து 5 வாட் தின்னும். 15ல் 5 போனால் 10. அந்த 10 வாட் ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க வேண்டும். ஏறியதோ 9 சதவீதம், ஆற்றலாகச் சொன்னால் 1.7 வாட் மணி.

அப்படியென்றால் கேம் தின்றதைக் கழித்தாலும் கணக்கு நேராகவில்லை. 8 வாட்டுக்கு மேல் துண்டு விழுகிறது. அது எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை, சார்ஜரில் இருந்து வரவே இல்லை. கேபிளுக்கு நடுவே ஒரு யுஎஸ்பி மீட்டரை மாட்டிப் பார்த்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. கேம் தொடங்கும்போது 16, 17 வாட் காட்டிய மீட்டர், போன் சூடேற ஏற இறங்கி 7 வாட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சார்ஜர் தரத் தயார்தான். பேட்டரி சூடாகிவிட்டது என்று போனே குறைத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. 7 வாட்டில் 5 வாட் கேமுக்கும், கொஞ்சம் சார்ஜிங் ஐசியிலும் போனால், மிஞ்சுவது 2 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த 9 சதவீதம் இதுதான்.

ஆகவே சதவீதம் ஏறாததும் போன் கொதிப்பதும் இரண்டு தனிப் புகார்கள் இல்லை. சூட்டைக் குறைத்தால் சதவீதம் தானாக ஏறும்.

சூடு எதனால வருது? சார்ஜாலயா, கேமாலயா?

இரண்டாலும்தான். ஆனால் பங்கு சமமில்லை.

பேட்டரிக்குள் போய்ச் சேமிப்பாகும் ஆற்றல் அப்போதைக்குச் சூடாவதில்லை. ஆனால் போன் ஓடச் செலவாகும் ஆற்றல், அந்த 5 வாட், கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். திரை வெளிச்சமாகவும் ஆன்டெனா அலையாகவும் போவது ரொம்பச் சொற்பம். இதோடு சார்ஜிங் ஐசியில் வீணாவதும், பேட்டரியின் உள்தடையில் வீணாவதும் சேரும். முழு வேகத்தில் சார்ஜ் ஏறும்போது இவை 2 வாட் வரை வரலாம். உள்தடையில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் சார்ஜ் வேகத்தைப் பாதியாக்கினால் அந்தச் சூடு கால்வாசியாகிவிடும். இது பின்னால் நமக்கு உதவும்.

மொத்தம் 7 வாட். போனில் விசிறி கிடையாது. முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் வழியாகக் காற்றுக்குக் கடத்துவது ஒன்றே வழி. சாதாரண அளவுள்ள போன், காற்றோட்டம் இல்லாத அறையில், ஒரு வாட்டுக்குச் சுற்றுப்புறத்தைவிட மூன்று, மூன்றரை டிகிரி கூடுதலாகச் சூடேறும் என்பது என் தோராயக் கணக்கு. கடலூரில் மே மாதம் மூடிய அறைக்குள் 33 டிகிரி என்று வையுங்கள். கேம் மட்டும் ஓடினாலே 50 டிகிரியைத் தொடப் பார்க்கும். சார்ஜும் சேர்ந்தால் 56 வரை போகும். அங்கே போக எந்தப் போனும் தன்னை விடாது. பிராசசரை மெதுவாக்கும், திரை வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜைக் குறைக்கும். பத்து நிமிடம் கழித்து கேம் திக்கித் திக்கி ஓடுவதும் இதே காரணத்தால்தான்.

இதே போனை மேசை விசிறிக்கு நேரே வைத்தால் ஒரு வாட்டுக்கு ஏறுவது இரண்டு டிகிரிக்கும் கீழே வந்துவிடும். 7 வாட் என்றாலும் 45 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஏசி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் நகராத குளிர்ந்த காற்றைவிட வீசும் சாதாரணக் காற்று பல நேரம் அதிகம் உதவுகிறது.

எத்தனை டிகிரி வந்தா போன் சார்ஜைக் குறைக்கும்? அதை எப்படிப் பார்க்கிறது?

மாடலுக்கு மாடல் மாறும். பேட்டரி 40 டிகிரியை நெருங்கும்போதே பல போன்கள் குறைக்கத் தொடங்குகின்றன, 45ஐத் தாண்டினால் வெகுவாகக் குறைத்துவிடும், அல்லது நிறுத்தியே விடும். ஐபோன் என்றால் 'Charging On Hold' என்று ஓர் அறிவிப்பு வரும். ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் சொல்வது. கத்திரி வெயிலில் நம் ஊரில் நடுப்பகலில் பல நாள் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறோம்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி வெப்பத்தையும் உள்ளே போகும் மின்னோட்டத்தையும் காட்டும் செயலிகள் பல உள்ளன. கணினியில் ஏடிபி வைத்திருப்பவர்கள் இதை அடிக்கலாம்:

```
adb shell dumpsys battery
```

வரும் பட்டியலில் `temperature: 418` என்று இருந்தால் 41.8 டிகிரி என்று பொருள், பத்தில் ஒரு பங்காகப் படிக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: போனைக் கணினியில் கேபிளால் மாட்டிச் சோதித்தால் சார்ஜும் கணினியில் இருந்துதான் வரும், நீங்கள் பார்க்க நினைத்த சார்ஜரில் இருந்து அல்ல. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன்களில் `Wireless debugging` இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மின்னோட்டத்தைப் பார்க்கும்போது மைனஸில் காட்டினால் பதற வேண்டாம். சில நிறுவனங்கள் சார்ஜ் ஏறுவதை மைனஸாகவும் இறங்குவதை பிளஸாகவும் காட்டும். கேபிளைக் கழற்றிப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அப்போ 67 வாட் சார்ஜர் வாங்கிட்டா சரியாகிடுமா?

கேம் ஆடும் நேரத்துக்கு ஆகாது. 18 வாட்டையே போன் 7 ஆகக் குறைத்துத்தான் வாங்குகிறது, 67 வாட்டை வைத்து அது என்ன செய்யும்? இது போக, உங்கள் போன் 18 வாட் வரைதான் எடுக்கும் என்றால் சும்மா வைத்திருக்கும்போதும் அந்த 67 வாட் வராது. அதிவேக சார்ஜ் உள்ள பல போன்கள் திரை எரிந்தாலே, கேம் திறந்தாலே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு திரையை அணைத்து வைத்த போனுக்கு உரியது.

நான் சொல்வது எதிர்த்திசை. ஆடிக்கொண்டேதான் சார்ஜ் போட வேண்டும் என்றால் பழைய 10 வாட் சார்ஜரைத் தேடி எடுங்கள், 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். போனுக்குள் 9 வாட் வரும், சார்ஜ் வேகம் குறைவதால் மேலே சொன்ன உள்தடைச் சூடும் குறையும். கேம் 5 வாட் எடுத்தாலும் 4 வாட் பேட்டரிக்கு மிஞ்சும், மணிக்கு 20 சதவீதம். ஆனால் ஒரு நிபந்தனை: போன் சூட்டைக் காட்டி அதையும் குறைக்காமல் இருக்க வேண்டும். பேக் கவரைக் கழற்றி, விசிறிக் காற்றில் வைத்து, கேமின் ஃபிரேம் வேகத்தை 60ல் இருந்து ஒரு படி கீழே இறக்கினால் அது முடியும். அந்தத் தம்பியிடம் சொன்னதும் இதைத்தான். "சின்ன சார்ஜர்ல அதிகமா ஏறுதாண்ணா?" என்று நம்பாமல் போனார். மீட்டர் முதல் நிமிடத்தில் காட்டிய பெரிய எண்ணை விட்டுவிட்டு, மணி முழுக்க வந்த மொத்தத்தைப் பார்க்கச் சொன்னேன்.

வேற வழியே இல்லையா? ஆடவும் வேணும், சார்ஜும் வேணும்.

மாற்றி மாற்றிச் செய்யலாம். அதே போன், அதே 18 வாட் சார்ஜர். 20 நிமிடம் திரையை அணைத்து வையுங்கள்: 15 வாட்டில் 5 வாட் மணி, 26 சதவீதம் ஏறும். மீதி 40 நிமிடம் கேபிள் இல்லாமல் ஆடுங்கள்: 5 வாட்டில் 17 சதவீதம் இறங்கும். மணி முடிவில் நிகரம் 9 சதவீதம். முதல் கேள்வியில் ஒரு மணி நேரம் கொதிக்கக் கொதிக்க ஆடிக் கிடைத்தது எவ்வளவோ அதே அளவு.

ஆட்டத்தில் 20 நிமிடம் போனது உண்மை. ஆனால் கேம் சூட்டோடு சார்ஜ் சூடும் சேரவில்லை, ஃபிரேம் விழுவதும் குறையும். ஆடி முடித்த உடனே மாட்டாமல், கவரைக் கழற்றிச் சில நிமிடம் ஆறவிட்டு மாட்டுங்கள். சூடான போனை மாட்டினால் அந்த முதல் நிமிடங்களில் வேகச் சார்ஜ் வராது. மெத்தையிலும் தலையணை மேலும் போடுவதை விட்டுவிட்டு, தரையிலோ டைல்ஸ் மேலோ வைத்தால் சீக்கிரம் ஆறும்.

மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல லைவ் போட்டேன். பவர் பேங்க் மாட்டியும் சதவீதம் இறங்கிட்டே போச்சு, கடைசியில கேமராவே மூடிக்கிச்சு. ஏன்?

இது கேமைவிடக் கடினமான நிலைமை. வெள்ளிக் கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டத்துக்கு நடுவே, வெயிலில், நேரலை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேமரா, படத்தைச் சுருக்கும் பகுதி, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் கணக்கு எல்லாம் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. கேமில் நடுநடுவே லாபி, லோடிங் என்று இடைவெளி வரும், வீடியோவில் அதுவும் இல்லை. வெயிலில் திரை தெரிய வேண்டும் என்று வெளிச்சம் தானாக உச்சத்துக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்து இழுப்பதால், வீடியோவை ஏற்ற உங்கள் போன் மறுபடி மறுபடி முயல்கிறது. அந்த வேலையும் மின்சாரம்தான். எல்லாம் சேர்ந்து 7, 8 வாட் போய்விடும். உங்கள் பவர் பேங்க் சாதாரண 5 வோல்ட் 2 ஆம்பியர் வகை என்றால் அது தருவது 10 வாட், உள்ளே சேர்வது 9. எல்லாம் நன்றாக இருந்தாலே மிஞ்சுவது ஒன்று, இரண்டு வாட்.

அப்புறம் வெயில். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நடுப்பகல் வெயில், நேராக விழும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொண்டுவரும். போனின் ஒரு பக்கம் 0.012 சதுர மீட்டர். அதாவது வெயிலுக்கு நேராகப் பிடித்த போன் மேல் 12 வாட் விழுகிறது. கறுப்புக் கவர் என்றால் அதில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். போன் தானே உண்டாக்கும் சூட்டைவிட வெயில் தரும் சூடு அதிகம்! கடல் காற்று வீசினாலும் இதைச் சமாளிக்க முடியாது. பேட்டரி 45ஐத் தாண்டியதும் சார்ஜ் நின்றிருக்கும், சதவீதம் இறங்கத் தொடங்கியிருக்கும், அதற்கு மேலும் ஏறியபோது கேமராவும் மூடியிருக்கும்.

அடுத்த முறை முதல் வேலை குடை. ட்ரைபாடில் ஒரு சின்னக் குடையோ வெள்ளை அட்டையோ கட்டி, போன் மேல் நிழல் விழும்படி செய்யுங்கள். வேறு எந்தச் செட்டிங்கும் இவ்வளவு தராது. வீடியோவை 4கே 60ல் இருந்து 1080பி 30க்கு இறக்குங்கள். எப்படியும் லைவில் போய்ச் சேர்வது அதைவிடத் தரமாக இருக்காது. நேரலை கட்டாயமில்லை என்றால் ஏரோப்ளேன் மோடில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து ஏற்றுங்கள்.

பவர் பேங்கைப் பற்றி: கிளம்பும்போதே போனில் முழுச் சார்ஜ் இருந்தால், 7 வாட் செலவில் அதுவே இரண்டரை மணி நேரம் தாங்கும். பதிவு செய்யும்போது கேபிளை மாட்டாமல், சாமி வந்து சேரும் வரை காத்திருக்கும் நேரத்தில், நிழலில், திரையை அணைத்து மாட்டுங்கள். பவர் பேங்கையும் போனையும் ரப்பர் போட்டு முதுகோடு முதுகாகக் கட்டிப் பிடிப்பவர்களைப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிறையப் பார்க்கிறேன். இரண்டு சூடான பெட்டிகளை ஒட்டவைத்து இரண்டுக்கும் காற்றை அடைப்பதுதான் அது.

ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வைக்கலாமா? ஐஸ் பேக்?

வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த பாட்டிலை வெளியே வைத்ததும் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், போனுக்கு உள்ளேயும் அப்படித்தான் நீர் கோர்க்கும். வாட்டர்ப்ரூஃப் போன் என்றாலும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றின் ஈரத்தைத் தடுக்க முடியாது.

பின்னால் கிளிப் போட்டு மாட்டும் விசிறிக் கூலர் நல்லது. தட்டையே குளிர வைக்கும் கூலர் அதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் உச்சத்தில் வைத்து விட்டுவிடாதீர்கள். தட்டில் நீர் முத்து தெரிந்தால் ஒரு படி குறையுங்கள். இரண்டையுமே கவர் மேல் மாட்டிப் பயனில்லை.

பைபாஸ் சார்ஜிங்னு சொல்றாங்களே, அது என்ன?

சார்ஜரில் இருந்து வருவது போன் ஓடுவதற்கு மட்டும் போகும், பேட்டரி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சார்ஜ் ஏறுவதால் வரும் சூடு முழுக்கப் போய்விடும். மணிக்கணக்கில் ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எல்லாப் போனிலும் இல்லை. சில கேமிங் போன்களிலும் சில விலை குறைந்த மாடல்களிலும் இருக்கிறது. சாம்சங்கின் சில மாடல்களில் `Game Booster` உள்ளே `Pause USB Power Delivery` என்ற பெயரில் இருக்கும். அதற்கு யுஎஸ்பி பிடி வகை சார்ஜர் வேண்டும், பேட்டரி 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

இதை யாரோ போட்டுவிட்டு மறந்துபோய், "சார்ஜே ஏறல" என்று கடைக்கு வருவதும் உண்டு. சதவீதம் ஒரே எண்ணில் ஆணி அடித்ததுபோல் நின்றால் முதலில் இந்தச் செட்டிங்கைப் பாருங்கள்.

80க்கு மேல சுத்தமா ஏறலையே?

அது கேம் இல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். நிறையும் கட்டத்தில் மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் லித்தியம் பேட்டரியை ஏற்றும் முறை. அதோடு, சூடான நேரத்தில் 80 அல்லது 85ல் நிறுத்திவைக்கும் செட்டிங்கும் பல போன்களில் உண்டு. ஆடிக்கொண்டே 100ஐத் தொட முயல வேண்டாம்.

இப்படியே ஆடினா பேட்டரி வெடிக்குமா?

நல்ல நிலையில் உள்ள போன் வெடிக்கும் அளவுக்குத் தன்னைப் போக விடாது. மேலே சொன்ன தடுப்பெல்லாம் அதற்காகத்தான். மெதுவாக நடப்பது வேறு: பேட்டரி சீக்கிரம் கிழடாகும். சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால்தான் கெடுதல் அதிகம். 50 சதவீதத்தில் 40 டிகிரியில் இருப்பதைவிட 95 சதவீதத்தில் 40 டிகிரியில் இருப்பது மோசம்.

பின்மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கினாலோ, திரை நடுவில் மேடு தட்டினாலோ, மேசையில் வைத்த போன் ஆடினாலோ, பேட்டரி உப்பிவிட்டது. அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது போன்ற வேலை எதுவும் வேண்டாம். கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

சரி, சார்ஜர்லயோ கேபிள்லயோதான் கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போனை ஆறவிடுங்கள். 30க்கும் 60க்கும் நடுவே சார்ஜ் இருக்கும்போது, திரையை அணைத்து, விசிறிக்குக் கீழே 20 நிமிடம் மாட்டிவையுங்கள். 18 வாட் சார்ஜரில் 5000 எம்ஏஎச் போன் 25 சதவீதத்தை ஒட்டி ஏற வேண்டும். ஏறினால் சார்ஜர், கேபிள், போன் மூன்றும் நலம், உங்கள் புகார் சூட்டைப் பற்றியது. 8, 10 சதவீதம்தான் ஏறியது என்றால் கேபிளை மட்டும் மாற்றி அதையே மறுபடி செய்யுங்கள், நான் பார்ப்பதில் பெரும்பாலானவை கேபிள்தான். அதிலும் மாறவில்லை என்றால் போனின் சார்ஜிங் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூலும் தூசியும் அடைத்து, பிளக் கடைசிவரை உட்காராமல் இருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம். முள் பச்சை நிறத்தில் தெரிந்தால் உப்புக் காற்றின் வேலை. அதைச் சுரண்டாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள்.